சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்ற சட்டம் பிறந்த கதை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பி. ஜே. தாமஸ், இந்தியத் துணிகளும் பட்டும் இங்கிலாந்துச் சந்தையை உலுக்கிய காலத்தை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் எழுதியவர். பின்னர் மத்திய அரசின் நிதித் துறைக்கு ஆலோசகராகப் போனார். பங்குச் சந்தையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அவர் தந்த அறிக்கை 1948இல் வந்தது. நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்கள், பங்குதாரருக்குத் தெரியாத சேதியை வைத்துக்கொண்டு பங்கை வாங்குவதையும் விற்பதையும் அந்த அறிக்கை தவறென்று எடுத்துச் சொன்னது. லாபம் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் இயக்குநர் வாங்கிவிடுவார். நட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கணக்காளர் விற்றுவிடுவார். மறுபக்கம் நிற்பவர் வெளியூரில் பேப்பர் பார்த்து முதலீடு செய்யும் சாதாரண ஆள்.

ஆனால் அதன் பின் வந்த சட்டம் இந்த வணிகத்தைத் தடை செய்யவில்லை. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 307, 308ஆம் பிரிவுகள் ஒன்றை மட்டும் கேட்டன: இயக்குநர் தன்னிடமுள்ள பங்குகளைச் சொல்ல வேண்டும், நிறுவனம் அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உறுப்பினர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம், ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்து கூட்டம் முடிந்து 3 நாள் வரை மட்டுமே. மார்ச்சில் விற்றதைச் செப்டம்பரில் தெரிந்துகொண்டு என்ன செய்வது? தடை வர 36 ஆண்டுகள் ஆயின. 1992இல் செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்த பிறகே, உள்தகவலை வைத்து வணிகம் செய்யக்கூடாது என்ற விதிகள் வந்தன.

அந்த விதிகளுக்கு வந்த முதல் பெரிய சோதனை இந்துஸ்தான் லீவர் வழக்கு. 1996 மார்ச் 25 அன்று அந்த நிறுவனம், யூனிட் டிரஸ்டிடமிருந்து புரூக் பாண்ட் லிப்டனின் 8 லட்சம் பங்குகளைத் தலா 350 ரூபாய் 35 பைசாவுக்கு வாங்கியது. இரண்டும் யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்தவை. சரியாக 25 நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று, இரண்டும் இணையப்போவதாக அறிவிப்பு வந்தது. யூனிட் டிரஸ்டுக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி 1998 மார்ச்சில் செபி உத்தரவிட்டது. சில மாதங்களில் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. லீவர் உள்ளாள்தான் என்று மேல்முறையீட்டு அதிகாரி ஒப்புக்கொண்டார். ஆனால் இணைப்பைப் பற்றிப் பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதிவிட்டதால் அது எல்லோருக்கும் தெரிந்த சேதி என்றார். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: பத்திரிகை ஊகிப்பதும், முடிவெடுக்கும் நிறுவனத்துக்கே நிச்சயமாகத் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. 2002இல் விதி திருத்தப்பட்டது. ஊகச் செய்தி, வெளியான தகவல் ஆகாது.

இன்று நடப்பில் இருப்பவை 2015ஆம் ஆண்டு விதிகள். அவற்றை ஆரணியில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களும் நிறுவனமும் கற்பனை.

தென்னிந்தியா முழுவதும் கடைகள் வைத்துப் பட்டுப்புடவை விற்கும் நிறுவனம் ஒன்று. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சரக்கின் ஒரு பகுதி ஆரணித் தறிகளிலிருந்து போகிறது. செப்டம்பர் காலாண்டுக் கணக்கில் பெரிய நட்டம். முடிவு வெளியாகப்போவது அக்டோபர் 30. அக்டோபர் 12 அன்றே நிதி அதிகாரிக்கு அது தெரியும். அவர் ஒரு பங்கும் விற்கவில்லை. ஆரணியில் ஜரிகை வியாபாரம் செய்யும் தன் மனைவியின் அண்ணனிடம் போனில், "மச்சான், அந்தப் பங்கை இனி வச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். மச்சான் மறுநாளே 6 லட்சம் ரூபாய்க்கு விற்றார். பெண் இயக்குநர் ஒருவர், முடிவு வெளியான பின் நவம்பரில், நிறுவனத்தின் முன் அனுமதி பெற்று 6 லட்சத்துக்கு விற்றார். டிசம்பரில் அதேபோல் அனுமதி பெற்று அவருடைய கணவர் 5 லட்சத்துக்கு விற்றார். மூன்றாமவர் ஆரணித் தறி முதலாளி. அக்டோபர் 10 முதல் அவருக்கு ஆர்டர் வரவில்லை. தெருவில் இன்னும் நாலு முதலாளிகளுக்கும் அதே நிலை. தன்னிடமிருந்த பங்கை 15ஆம் தேதி விற்றார்.

நிதி அதிகாரி விற்காததால் தப்ப முடியாது. தகவலைச் சொன்னதே தனிக் குற்றம். மச்சானும் உள்ளாள்தான், ஏனென்றால் தகவல் யார் கையில் இருக்கிறதோ அவரும் உள்ளாளே. ஆனால் போனில் என்ன பேசினார்கள் என்பதை யார் நிரூபிப்பது? பல்ராம் கார்க் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம், உறவு இருப்பதாலேயே தகவல் கைமாறியதாகக் கொள்ள முடியாது, அதற்குச் சான்று வேண்டும் என்றது. 2024 டிசம்பரில் வந்த திருத்தமோ மனைவியின் உடன்பிறந்தாரையும் சேர்த்து உறவினர்களைத் தொடர்புடையவர்களாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே தன்னிடம் தகவல் இல்லை என்று காட்டும் சுமை இப்போது மச்சான் தலையில்தான் விழும்.

இயக்குநரின் விஷயம் வேறு. காலாண்டு முடிந்ததிலிருந்து, முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை அவர் போன்றவர்கள் விற்கக்கூடாது. அவர் காத்திருந்தார், அனுமதியும் கேட்டார். விற்றதில் தவறில்லை. ஆனால் ஒரே காலாண்டில் வணிகம் 10 லட்சத்தைத் தாண்டினால் இரண்டு வர்த்தக நாளுக்குள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், நிறுவனம் அடுத்த இரண்டு வர்த்தக நாளுக்குள் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டும். கணவர் விற்றதும் மனைவியின் கணக்கில் சேரும். 6ம் 5ம் 11. இயக்குநர்களின் பான் எண்ணை நிறுவனம் சரியாகப் பதிந்திருந்தால் இன்று கணினியே அவர்களுடைய வணிகத்தைச் சந்தைக்குத் தெரிவித்துவிடுகிறது. கணவரின் எண் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் கணினி 6 லட்சத்தை மட்டும் பார்த்துப் பேசாமல் இருக்கும், இயக்குநரும் பேசாமல் இருந்தால் அதுவே மீறல். சுத்தமாக விற்றவர் சொல்லாததால் மாட்டிக்கொள்கிறார்.

தறி முதலாளியின் கேள்விதான் கடினம். நிறுவனத்தோடு வியாபார உறவு உள்ளவர் என்பதால், அந்த உறவு ரகசியத்தை அவர் கைக்கு எட்ட வைக்குமானால் அவரும் தொடர்புடையவராகலாம். ஆனால் தன் தறியில் பாவு ஏறாமல் கிடப்பதையும், தெருவில் மற்ற தறிகள் நிற்பதையும் கண்ணால் கண்டு, தன் அனுபவத்தால் ஊகித்து விற்றார் என்றால் அது குற்றமாகாது என்றே நான் நினைக்கிறேன். அந்தக் காட்சி ஆரணிக்கு வரும் யாருக்கும் திறந்தது. நாலைந்து முதலாளிகளுக்கு ஆர்டர் நின்றதை வைத்து, தென்னிந்தியா முழுக்கக் கடை வைத்திருக்கும் நிறுவனத்தின் நட்டத்தை யாரும் உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது. கொள்முதல் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "இந்தக் காலாண்டு பெரிய நட்டம், மார்ச் வரை எதுவும் எடுக்க மாட்டோம்" என்று சொல்லியிருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது அவர் நிற்கும் இடம் மச்சான் நிற்கும் இடம்தான். ஆகவே விசாரணை அதிகாரி முதலில் கேட்கப்போவது, 10ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் நடுவில் கொள்முதல் அலுவலகத்திலிருந்து அவருக்கு வந்த அழைப்புகளின் பட்டியலை.