கணவனைக் குறிக்கும் கிரகம் சுக்கிரனா, குருவா?

வரன் தேடும் இல்லங்களில் இரு வேறு தீர்ப்புகள் எழுவதைக் காண்கிறோம். "சுக்கிரன் உச்சம், பெண்ணுக்கு நல்ல கணவன் வாய்ப்பான்" என்பார் ஒரு ஜோதிடர். "பெண்ணுக்குக் குருவே கணவன், அவர் நீசமாயிற்றே" என்பார் மற்றொருவர். ஒரே ஜாதகத்தைக் கொண்டு ஒரு சம்பந்தம் கூடுவதும் கலைவதும் இவ்வாறே நேர்கின்றன. இவ்விரு கொள்கைகளும் வந்த வழியை நூல்களில் காண்போம்.

ஆறாம் நூற்றாண்டில் அவந்தி நாட்டில் வாழ்ந்த வராஹமிஹிரர், தம் பிருஹத் ஜாதகத்தில் பெண்களின் ஜாதகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்தார். கணவனின் இயல்பை அவர் ஏழாமிடத்து ராசியாலும் நவாம்சத்தாலும் அறியச் சொல்கிறார். அது சுக்கிரனுடையதாயின் அழகன், புதனுடையதாயின் கற்றவன், குருவினுடையதாயின் நற்குணமுடையவன், சனியினுடையதாயின் முதியவன் அல்லது மூடன். ஆகவே அவ்விடத்தில் குரு பல கிரகங்களுள் ஒருவரே. கணவனுக்கெனத் தனியுரிமை பெற்றவரல்லர்.

பின்னெழுந்த பலதீபிகை ஏழாம் பாவத்துக்குச் சுக்கிரனையே காரகனாக்கியது. குருவுக்கு உரிமை தந்ததாகக் காட்டப்படுவது ஜைமினி சூத்திரம். பாட்டனார், கணவன், புத்திரர் ஆகிய மூவரையும் அது 'குருமுகமாக' அறியச் சொல்கிறது. மூவரும் குருவிடமிருந்தே என்று கொள்வர் ஒரு சாரார். 'முகம்' என்பதற்குத் 'தொடக்கம்' என்று பொருள்கொண்டு, குருவிலிருந்து வரிசையாகக் குரு பாட்டனார், சுக்கிரன் கணவன், சனி புத்திரர் என்பர் மறுசாரார். பராசரர் பெயரால் வழங்கும் ஹோரை நூல் இரண்டாம் பொருளையே தெளிவாகக் கூறுகிறது. ஒரு சொல்லின் பொருளில் பிறந்த பிளவே இன்றைய இரு தீர்ப்புகளுக்கும் ஒரு மூலமாம்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். கடக லக்கினப் பெண். ஏழாமிடமான மகரத்தில் குரு நீசம். ஒன்பதாமிடமான மீனத்தில் சுக்கிரன் உச்சம். குருவை மட்டும் நோக்குவோர் கணவன் தாழ்ந்தவன் என்பர். சுக்கிரனை மட்டும் நோக்குவோர் சிறந்தவன் என்பர். ராசியை மட்டும் நோக்கினாலோ, மகரம் சனியின் வீடாதலால் மூடன் என்றாகும். அவ்வாறாயின், கும்பத்தை ஏழாகக் கொண்ட சிம்ம லக்கினப் பெண்களுடன், கடக லக்கினப் பெண்கள் அனைவருக்கும் மூடரே கணவராவர்! இதனாலேயே ஏழாமதிபதி, அங்குள்ள கிரகம், அதை நோக்கும் கிரகம், நவாம்சம் ஆகிய யாவற்றையும் சேர்த்தே பலன் கூறுதல் மரபாயிற்று.

'வியாழ நோக்கம் வந்துவிட்டது' என்று நம்மவர் சொல்வது இதனின்றும் வேறானது. ஜன்ம ராசிக்கு 2, 5, 7, 9, 11 ஆம் இடங்களில் குரு சஞ்சரிக்கும் காலத்தை அது குறிக்கும். அது மணம் கூடும் காலத்தைச் சொல்வதேயன்றிக் கணவனின் குணத்தைச் சொல்வதன்று. ஆண்பிள்ளைக்கும் அவ்வாறே பார்க்கின்றனர்.

ஆதலின், குரு நீசம் என்ற ஒரே சொல்லால் ஒரு பெண்ணின் சம்பந்தம் தள்ளப்படுமாயின், அத்தீர்ப்பு எந்த நூலின் வழி, எவ்வுரையின் வழி வந்தது என்று பெற்றோர் வினவுதல் முறையே. மரபு ஒரு கிரகத்தின் கையில் கணவனை ஒப்படைத்ததில்லை.