சாகாமல் தூங்கிய கிருமிகள்

இன்னைக்கு 1944-க்குப் போறோம். உலகப்போர் நடக்குது, பென்சிலின் அப்போதான் புழக்கத்துக்கு வந்திருக்கு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் ஜோசப் பிக்கருக்கு ஒரு சந்தேகம்: பென்சிலின் எல்லாக் கிருமிகளையும் கொல்லுதா?

அவர் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை ஒரு திரவத்தில் வளர்த்து, பென்சிலின் சேர்த்தார். கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போச்சு. ஆனா சுமார் பத்து லட்சத்துக்கு ஒண்ணு மட்டும் உயிரோட இருந்தது.

"மருந்தை எதிர்க்கிற புது ரகம் போல"ன்னு நமக்குத் தோணும். பிக்கர் அங்கே நிறுத்தல. தப்பிச்ச கிருமிகளை மருந்து இல்லாத இடத்தில் வளரவிட்டு, அந்தச் சந்ததி மேல மறுபடி பென்சிலின் போட்டார். எதிர்ப்புத்திறன் உள்ள ரகம்னா எல்லாம் பிழைச்சிருக்கணும். நடந்ததோ பழைய கதைதான்: ஏறக்குறைய எல்லாம் செத்து, ஒரு சில மட்டும் மிச்சம். அப்போ அவை தப்பிச்சதுக்கு மரபணு மாற்றம் காரணமில்லை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பெர்சிஸ்டர்'.

எப்படித் தப்பிக்குது? பென்சிலின், கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுக்கும் மருந்து. வளராமல், பிரியாமல் சும்மா கிடக்கிற கிருமியிடம் கெடுக்கக் கட்டுமான வேலையே இல்லையே! பிக்கரின் ஊகமும் இதுதான். 2004-இல் நத்தலி பலபான் குழு ஈ.கோலை கிருமிகளை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது. அதிகமா பெர்சிஸ்டர் உருவாக்கும் ஒரு ரகம் அது. மருந்து வருவதற்கு முன்பே அவற்றில் சில மெதுவாயிருந்தன, பிழைத்தவை அவைதான்.

இப்போ வித்தியாசம் தெளிவாகுது. எதிர்ப்புத்திறன் உள்ள கிருமி, மருந்து இருக்கும்போதே வளரும்; அந்தக் குணம் சந்ததிக்கும் போகும். பெர்சிஸ்டர் மருந்துக்குள்ளே வளராது, சாகாமல் காத்திருக்கும், அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் மெதுவாகச் செத்தால் அதைத் தாங்குதிறன்னு சொல்வாங்க.

நோயாளிக்கு இதில் என்ன சிக்கல்? வழக்கமான லேப் பரிசோதனை, எவ்வளவு மருந்தில் கிருமியின் வளர்ச்சி நிற்குதுன்னு பார்க்கும். பெர்சிஸ்டர் இருந்தாலும் அந்த அளவு மாறாது. ரிப்போர்ட் "இந்த மருந்து வேலை செய்யும்"னு சொல்லும். மருந்தை நிறுத்தினதும் தூங்கினது எழும், நோய் திரும்பும். காசநோய்க்குப் பல மாசம் மாத்திரை கொடுக்க இப்படி மெதுவாயிருக்கும் கிருமிகளும் ஒரு காரணம்.

பிக்கர் ஒரு வழியும் சொன்னார்: மருந்தைக் கொஞ்சம் நிறுத்து, தூங்குறது எழுந்து வளரட்டும், உடனே மறுபடி கொடு. குடுவையில் இது சரி. உடம்பில் எது எப்போ எழும்னு யாருக்குத் தெரியும்? இடைவெளி நீண்டா நோய்தான் முந்திக்கும். அதனால நீங்களா மாத்திரையை நிறுத்தி நிறுத்திப் போடுறதுக்கு இது அனுமதி இல்லை. ஆனா நோய் திரும்பி வந்தா, "ரெசிஸ்டன்ஸா, இல்ல தப்பிச்சதா?"ன்னு டாக்டர்கிட்ட கேட்கலாம். பிக்கர் கேட்டதும் அதைத்தானே.