ஒப்பாரியில் இருக்கும் ஒப்பு

அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் ஓர் ஊர். எழவு கேட்கப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கிய ஏழெட்டுப் பெண்கள் தெருமுனை வரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். பந்தல் கண்ணில் பட்டதும் ஒருத்தி குரலெடுத்தாள். அடுத்த நொடி எல்லாரும் எடுத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்த பெண்கள் எழுந்து எதிரே ஓடிவந்தார்கள். வந்தவளும் இருந்தவளும் தோளோடு தோள் கட்டி, தலையோடு தலை முட்டி, வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் அவள் இழுவை முடியும் இடத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இறந்தவரின் மகள் மட்டும் அதுவரை அழவில்லை. முந்தின இரவிலிருந்து சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாளாம். "கல்லாட்டம் இருக்குது, எப்படியாச்சும் அழ வையுங்க" என்று ஒரு கிழவி சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை முறையுள்ள ஒருத்தி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, போனவளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பத்து வருடத்துக்கு முன் செத்த தன் தாயைக் கூப்பிட்டு அழத் தொடங்கினாள். இரண்டாவது இழுவைக்குள் அந்த மகள் உடைந்துவிட்டாள்.

அன்றிலிருந்து 'ஒப்பாரி' என்ற பெயர் என்னை விடவில்லை.

இந்தச் சொல்லைத் திருக்குறளில் பார்க்கலாம். கயமை அதிகாரத்தின் முதல் குறள், எண் 1071. உருவத்தில் கயவர் மக்களைப் போலவே இருக்கிறார்கள், இப்படி ஓர் ஒப்புமையை வேறெங்கும் கண்டதில்லை என்பது அதன் கருத்து. அங்கே 'ஒப்பாரி' என்பதற்கு ஒத்திருத்தல் என்றுதான் பொருள். அழுகையின் நிழல்கூட அதில் கிடையாது. செத்தவரைப் பற்றிய புலம்பலுக்குப் பழைய இலக்கணத்தில் வேறு பெயர் உண்டு: கையறுநிலை. செயலற்றுப் போகும் நிலை. அப்படியென்றால் 'போல இருத்தல்' என்ற சொல் எப்படி இழவு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது?

வழக்கமான விடை, போனவரை உயர்ந்த பொருள்களுக்கு ஒப்பிட்டுப் பாடுவதால் இந்தப் பெயர் என்பது. பொன்னும் மணியும் தேரும் மாடமும் ஒப்பாரியில் நிறைய வரும், உண்மை. ஆனால் தாலாட்டிலும் அவை அதே அளவுக்கு வருகின்றன. தாலாட்டை யாரும் ஒப்பாரி என்று சொல்லவில்லை. ஆகவே இந்த விளக்கம் எனக்குப் பாதி வழிதான் வருகிறது.

ஒப்பு என்ற வேரின் மற்றப் பிள்ளைகளைப் பாருங்கள். ஒப்புக்கொள், ஒப்படை, ஒப்பந்தம். குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல்; ஊரோடு ஒத்து, ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது. அரூர்ப் பக்கத்தில் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். அந்த இரண்டு மொழிகளிலும் 'ஒப்பு' என்றால் சம்மதித்தல், இசைதல். இந்தக் குடும்பத்தில் ஒப்பு என்பது பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற காரியம். ஒருவர் நீட்ட மற்றவர் ஏற்றுக்கொள்வது. ஒப்பாரியைப் 'பாடினாள்' என்பதைவிட 'வைத்தாள்' என்றே பெண்கள் சொல்வதையும் கவனியுங்கள். ஒருத்தி வைக்கிறாள், இன்னொருத்தி எடுக்கிறாள். போனவருக்குப் பொன்னை ஒப்பிடுவது ஒரு பக்கம் இருக்கட்டும்; என் துக்கத்துக்கு உன் துக்கத்தை ஒப்பாக வைப்பதும் இந்தப் பெயருக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது அகராதி தரும் முடிவு அல்ல. வட்டத்தில் உட்கார்ந்த அந்த அத்தையைப் பார்த்து எனக்குத் தோன்றியது.

அவள் தன் தாயை நினைத்து அழுததைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசெஸ் தமிழ் ஒப்பாரியைப் பற்றி 2005இல் ஒரு நூல் எழுதினார். இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு வைத்தார். பெண்கள் ஒப்பாரியில் பிறந்த வீட்டை, வாழ்ந்த வீட்டை, தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லித்தான் அழுகிறார்கள் என்று அவர் கண்டார். அதைப் போலி என்று எடுத்துக்கொண்டால் அந்த வட்டத்தில் நடப்பதைத் தவறவிடுவோம். ஆறாத தன் புண்ணை ஒருத்தி திறந்து காட்டும்போதுதான் பக்கத்தில் இருப்பவளுக்குத் தன் புண்ணைத் திறக்கத் துணிவு வருகிறது.

கண்ணீரை ஆராய்ந்தவர்கள் போன வழியும் இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. 1872இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய டார்வின், அழும்போது வரும் நீர் கண்ணைச் சுற்றிய தசைகள் இறுகுவதால் தற்செயலாக வருவது, அதற்குத் தனிப் பயன் இல்லை என்று கருதினார். 1980களில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஃபிரே, உணர்ச்சிக் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் கூடுதல் என்று கண்டு, மனஉளைச்சலின் கழிவு அதன் வழியே வெளியேறுகிறது என்றார். கேட்க நன்றாக இருந்தது; உறுதிப்படவில்லை. சில சொட்டு நீரில் அவ்வளவு கழிவு போக வழியும் இல்லை.

நெதர்லாந்தின் ஆட் விங்கர்ஹூட்ஸ் வேறு பக்கம் திரும்பினார். கண்ணீர் அழுபவருக்கு என்ன செய்கிறது என்பதோடு, பார்ப்பவரை என்ன செய்கிறது என்றும் கேட்டார். விலங்குக் குட்டிகளும் தாயைத் தேடிக் குரல் கொடுக்கும். துக்கத்தில் கண்ணீர் விடுவது மனிதர்தான். பிறந்த சிசுகூட முதல் சில வாரங்கள் குரலால்தான் அழுகிறது. நீர் பிறகுதான் வழிகிறது. குரல் தூரத்துக்குப் போகும், யார் காதிலும் விழும். கண்ணீருக்குச் சத்தமில்லை, முகத்தருகே வந்தவருக்குத்தான் தெரியும். தெருமுனையில் எழுந்த குரல் வீட்டிலிருந்தவர்களை வாசலுக்குக் கொண்டுவந்தது. தலை முட்டி உட்கார்ந்த பிறகு வேலை செய்தது கண்ணீர்.

2009இல் ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர், அழும் முகங்களின் படங்களில் கண்ணீரை மட்டும் அழித்துவிட்டுக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அந்த முகங்களின் சோகம் குறைந்து தெரிந்தது. சிலவற்றில் என்ன உணர்ச்சி என்பதே குழம்பியது. பின்னர் 41 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வும், கண்ணீருள்ள முகத்தைப் பார்ப்பவர்களுக்கு உதவும் எண்ணம் கூடுகிறது என்று காட்டியது.

அழுதால் மனம் லேசாகும் என்பது பாதி உண்மை. ஓர் ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை உடனே இன்னும் கீழே போனது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் முன்பைவிடத் தெளிந்தது. பலரிடம் அவர்கள் கடைசியாக அழுததைப் பற்றிக் கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தவர்களுக்கு மனம் தேறியது அதிகம். அழுது வெட்கப்பட நேர்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஆறுதல் என்ற நம் சொல்லும் சூடு தணிவதைத்தான் குறிக்கிறது. கொதித்த பால் ஆறுவதும் மனம் ஆறுவதும் ஒரே வினை, இரண்டுக்கும் நேரம் வேண்டும்.

இப்போது மைக்செட் வைத்து, ஆள் பிடித்து ஒப்பாரி பாட வைக்கிறார்கள். குரல் உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கிக்கு எதிர்க்குரல் கொடுக்க முடியாது. பெண்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து கேட்கிறார்கள். வட்டம் போய்விடுகிறது, தோளில் கை விழுவதில்லை. அழ வையுங்கள் என்ற அந்தக் கிழவியின் அவசரத்திலும் ஒரு பிசகு உண்டு: அழாதவர் எல்லாரும் உள்ளே நொறுங்கிக் கிடப்பவர்கள் அல்லர். சிலருக்குக் கண்ணீர் மாதக்கணக்கில் கழித்து, ஒரு பழைய புடவையை மடிக்கும்போது வரும். அன்று அந்த அத்தை அவளை அழச் சொல்லவில்லை. தான் அழுதாள், அவ்வளவுதான்.

மகள் ஓய்ந்ததும் அத்தை முந்தானையால் முதலில் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு, பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து ராத்திரியிலருந்து வாயில என்ன போட்ட, கண்ணு?" என்று கேட்டாள். அவள் ஒன்றுமில்லையென்று தலையசைத்தாள். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் தூக்கில் டீ கொண்டுவந்தான். அத்தை டம்ளரைப் பிடித்துக்கொள்ள, அவள் குடித்தாள்.