கோயில் தொட்டிக்கு எத்தனை லிட்டர்? கைப்படத்தை வைத்துக் கணக்கிடும் முறை

ஈப்போ: பேராக் மாநிலத்தில் பல ரப்பர் தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் அங்கிருந்த கோயில்கள் நிலைத்து நிற்கின்றன. வெளியூர்களில் குடியேறியவர்கள் திருவிழா நாளில் அங்குதான் ஒன்றுகூடுகிறார்கள். அன்னதானத்துக்கும் கை கழுவவும் வேண்டிய தண்ணீரைத் தருவது பெரும்பாலும் தோட்டக் காலத்தில் கட்டிய ஒரு சிமெண்டுத் தொட்டிதான்.

அப்படிப்பட்ட ஒரு கோயிலின் பொருளாளர், தொட்டியின் படத்தைக் கையால் வரைந்து, கைப்பேசியில் படமெடுத்துப் புலனம் வழியாக நமக்கு அனுப்பியிருந்தார். கூடவே பம்ப் தகட்டின் படமும் இருந்தது. கடந்த ஆடித் திருவிழாவில் நண்பகலுக்குள் குழாய்கள் வறண்டுவிட்டனவாம். "தொட்டி 5,300 லிட்டர் பிடிக்கும் தம்பி. பம்ப் போட்டா ரெண்டு மணி நேரத்துல நெறையும்னு கணக்கு வந்துச்சு. ஏறக்குறைய அப்படித்தான் நெறையுது. அப்புறம் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டார்.

தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. கணக்கில்தான் இரண்டு தவறுகள் இருந்தன. அவை ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன.

முதலில் படத்தைச் சரியாகப் படிக்க வேண்டும்

கையால் வரைந்த படம் அளவுக்கேற்ப வரையப்படுவதில்லை. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் நீளமும் அகலமும் மேலும் மாறித் தெரியும். ஆகவே படத்தில் உள்ள கோடுகளை அளந்து பயனில்லை. எழுதப்பட்ட எண்களை மட்டுமே நம்ப வேண்டும்.

பொருளாளரின் படத்தில் நீளம் 8 அடி, அகலம் 5 அடி 6 அங்குலம், உயரம் 4 அடி 3 அங்குலம். பழைய கட்டுமானம் என்பதால் எல்லாம் அடிக் கணக்கில்தான் இருந்தன. உயரத்தை அவர் 4'3" என்று எழுதியிருந்தார். தாளின் மடிப்பு நிழல் விழுந்ததால் அடியைக் குறிக்கும் ஒற்றைக் கோடு மறைந்து, அது 43 அங்குலமாகவே நம் கண்ணில் பட்டது. உண்மையில் அது 51 அங்குலம். இந்த ஒரு கோட்டினால் இந்தத் தொட்டியில் 600 லிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி, எல்லா அளவுகளையும் அங்குலத்திலேயே எழுதி அனுப்பச் சொல்வது. நாமும் அந்த எண்களைத் தொலைபேசியில் ஒருமுறை படித்துக் காட்டி உறுதி செய்துகொள்ளலாம். 5 அடி 6 அங்குலத்தை 5.6 அடி என்று கணினியில் தட்டுவதும் தவறு. 6 அங்குலம் என்பது அரை அடி, ஆகவே அது 5.5 அடி.

வெளி அளவா, உள் அளவா?

கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். பொருளாளர் தொட்டியின் வெளிப்புறத்தில் நாடா வைத்து அளந்திருந்தார். அந்த அளவுகளை அப்படியே பெருக்கினால் 96 × 66 × 51 = 323,136 கன அங்குலம் வரும். ஒரு லிட்டர் என்பது 61.02 கன அங்குலம். அதனால் வகுத்தால் 5,295 லிட்டர். அவர் சொன்ன 5,300 இப்படி வந்ததுதான்.

ஆனால் சுவரின் தடிமன் 5 அங்குலம் என்று படத்தின் மூலையில் அவரே சிறிதாக எழுதியிருந்தார். இரண்டு பக்கச் சுவர்களையும் கழித்தால் உள் நீளம் 86 அங்குலம், உள் அகலம் 56 அங்குலம். உயரத்திலும் அடித்தளம் 5 அங்குலத்தை எடுத்துக்கொள்கிறது. மேல் விளிம்புக்கு 6 அங்குலம் கீழே வழிநீர்க் குழாய் இருக்கிறது. அதற்கு மேல் தண்ணீர் ஏறவே முடியாது. ஆகவே நீர் நிற்கும் உயரம் 51 - 5 - 6 = 40 அங்குலம். காய்ந்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னோம். தரையிலிருந்து வழிநீர்க் குழாயின் அடி உதடு வரை சரியாக 40 அங்குலம் இருந்தது.

```
86 × 56 × 40 = 192,640
192,640 ÷ 61.02 = 3,157
```

அதாவது 3,157 லிட்டர். இதிலும் ஒரு பகுதி பயன்படாது. சமையலறைக்குச் செல்லும் குழாய் தரையிலிருந்து 2 அங்குலம் மேலே பொருத்தப்பட்டுள்ளது. அதற்குக் கீழே உள்ள சுமார் 158 லிட்டர் வெளியே வராது. மீதி ஏறக்குறைய 3,000 லிட்டர்தான் கைக்குக் கிடைக்கும்.

தகட்டில் உள்ள எண் எதைச் சொல்கிறது?

பம்ப் தகட்டில் Q max 45 L/min என்றும் H max 35 m என்றும் இருந்தன. பலர் இதைப் படித்து, "நிமிடத்துக்கு 45 லிட்டர், 35 மீட்டர் உயரம் வரை" என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை அல்ல. உயரமே இல்லாமல் தள்ளினால்தான் 45 லிட்டர் வரும். 35 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நம் தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்தக் கோயிலில் கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் வாய் வரை சுமார் 6 மீட்டர் உயரம். முக்கால் அங்குலக் குழாய் 30 மீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து செல்கிறது. குழாயின் உராய்வும் வளைவுகளும் சேர்ந்து மேலும் ஆறு, ஆறரை மீட்டர் உயரத்துக்குச் சமமான சுமையை ஏற்றுகின்றன. ஆக மொத்தம் ஏறத்தாழ 12.5 மீட்டர். இவ்வகைச் சிறிய பம்ப்களில் உயரம் கூடக் கூட நீர் ஓரளவு நேர்க்கோட்டில் குறையும் என்று வைத்துக்கொண்டால், 45 லிட்டர் 29 லிட்டராக இறங்கிவிடும்.

இது மதிப்பீடு மட்டுமே. உறுதி செய்ய ஒரு 20 லிட்டர் வாளி போதும். வாளியில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், 5 லிட்டர் போத்தலால் நான்கு முறை ஊற்றி உள்ளே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மேல்தொட்டியில் குழாய் முடியும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கீழே பம்ப் அருகில் பிடித்தால் உயரச் சுமை இல்லாததால் அதிகமாகக் காட்டும். மூன்று முறை பிடித்ததில் வாளி சராசரியாக 41 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 29 லிட்டர்!

தவறு ஏன் வெளியே தெரியவில்லை?

பொருளாளரின் கணக்குப்படி 5,295 லிட்டரை 45 ஆல் வகுத்தால் 118 நிமிடம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். உண்மைக் கணக்கில் 3,000 லிட்டரை 29 ஆல் வகுத்தால் 103 நிமிடம், அதாவது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தொட்டியைப் பெரிதாகக் கணித்த தவறும் பம்பைப் பலமாகக் கணித்த தவறும் சேர்ந்து, நேரத்தை ஏறக்குறைய சரியாகக் காட்டிவிட்டன. கடிகாரம் ஒத்துப்போனதால் லிட்டரும் சரி என்று குழுவினர் நம்பினர். திருவிழாத் திட்டம் 5,300 லிட்டரை வைத்துப் போடப்பட்டது. இருந்ததோ 3,000.

ஆகவே நிறையும் நேரத்தை மட்டும் பார்த்துக் கொள்ளளவைச் சரிபார்க்கக் கூடாது. நீர்மட்டம் ஏறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தொட்டியில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் என்பது 86 × 56 கன அங்குலம், அதாவது 79 லிட்டர். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்ப் போட்டால் 10 அங்குலம் ஏற 27 நிமிடம் ஆக வேண்டும். வெளி அளவே சரியாக இருந்திருந்தால் அதே 10 அங்குலத்துக்கு 36 நிமிடம் பிடித்திருக்கும். மூங்கில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் 27 நிமிடம்தான் ஆனது.

விழா நாளில் இன்னும் இரண்டு கழிவுகள்

சமையலும் கை கழுவலும் நடக்கும்போது தொட்டி நிறையும் நேரம் நீண்டுவிடும். நிமிடத்துக்கு 29 லிட்டர் ஏறும்போது குழாய்கள் 12 லிட்டரை இழுத்தால், தங்குவது 17 லிட்டர். 103 நிமிடம் என்பது ஏறக்குறைய மூன்று மணி நேரமாகிவிடும்.

இரண்டாவது, கீழ்த்தொட்டி. பிரதானக் குழாயில் நேரடியாகப் பம்ப் பொருத்தி உறிஞ்ச அனுமதி இல்லை என்பதால், குழாய் நீர் முதலில் கீழ்த்தொட்டியில் விழ வேண்டும். அங்கிருந்துதான் மேலே ஏற்ற வேண்டும். இங்கே கீழே இருப்பது 400 கேலன் தொட்டி. நம் நாட்டுக் கடைகளில் சொல்லப்படும் கேலன் 4.546 லிட்டர் என்பதால் அது சுமார் 1,800 லிட்டர். அமெரிக்கக் கேலனான 3.785-ஐப் போட்டுக் கணக்கிட்டால் அளவு குறைந்து காட்டும். காலை வேளையில் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் விழுகிறது. 29 வெளியேறி 10 உள்ளே வந்தால் நிமிடத்துக்கு 19 லிட்டர் குறையும். 95 நிமிடத்தில் கீழ்த்தொட்டி காலி. மேல்தொட்டி நிறைய 103 நிமிடம் வேண்டும். கடைசி எட்டு நிமிடம் பம்ப் காற்றை இழுத்துச் சூடாகும். சத்தம் திடீரென மாறினால் அதுதான் அறிகுறி, உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கீழ்த்தொட்டி மீண்டும் நிறைந்த பிறகு தொடர்வது பம்புக்கு நல்லது.

இந்த ஆண்டு விழாவுக்கு முதல் நாள் இரவே இரண்டு தவணையாக மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, மறுநாளுக்கு மேலும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இரவல் வாங்கப் போவதாகப் பொருளாளர் கூறினார். மூங்கில் குச்சியில் அங்குலத்துக்கு ஒரு கோடாக 40 கோடுகள் போட்டாகிவிட்டது. குச்சியின் தலைப்பில் "1 கோடு = 79 லிட்டர்" என்று எழுதி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்.