ஹக்கலைப் பூந்தோட்டமும் சித்திரை மாதமும்

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் சென்றால், ஹக்கலைக் குன்றின் செங்குத்தான பாறையடியில் ஒரு பூந்தோட்டம் தோன்றும். இன்று ரோசாவுக்குப் பேர்பெற்ற இத்தோட்டம் மலருக்காகத் தோன்றியதன்று, மருந்துக்காகத் தோன்றியது.

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா ஒன்றே நம்பத்தகுந்த மருந்தாக விளங்கிய காலம் அது. அம்மருந்தைத் தரும் சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் அந்தீசு மலைகளில் மட்டுமே வளர்ந்து வந்தது. அதனை ஆசியாவிற் பயிரிட விழைந்த ஆங்கில அரசு, குளிர்ந்த உயர்நிலம் தேடிற்று. பேராதனைத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்சு என்பாரின் மேற்பார்வையில், 1861ஆம் ஆண்டு ஹக்கலையில் சிங்கோனா நாற்றுகள் நடப்பட்டன.

தொடக்கத்தில் தோட்டத்துரைமார் அதனைப் பெரிதும் மதித்திலர். கோப்பியே அவர்தம் செல்வமாயிருந்தது. 1869இல் கோப்பியிலையிற் செந்தூள் போன்ற பூஞ்சண நோய் கண்டது. தோட்டங்கள் அழிய, பலரும் சிங்கோனாவை நாடினர். ஆனால் எல்லோரும் ஒருங்கே பட்டையை உரித்து விற்கவே, சந்தையிற் பட்டை குவிந்து விலை வீழ்ந்தது. யாவாவில் விளைந்த பட்டையிலோ கொயினாச் சத்து மிகுதி. அதனோடு போட்டியிட இயலாமல், இலங்கைத் தோட்டக்காரர் தேயிலைக்கு மாறினர். மருந்துத் தோட்டமாயிருந்த ஹக்கலையும் படிப்படியாக மலர்த் தோட்டமாயிற்று.

இத்தோட்டத்தைக் காண ஏற்ற காலம் எது? விடையை மழையே வகுத்துள்ளது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருப்பினும், நுவரெலியாப் பள்ளங்களில் சில இரவுகளில் உறைபனி விழுந்து இளந்தளிரைக் கருக்கும். வைகாசி பிறந்தபின் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையும் மூடுபனியும் வந்து, விரிந்த ரோசா இதழ்களைச் சிதைக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சித்திரையே மலரின் காலம். புத்தாண்டு விடுமுறையும் நுவரெலியாவின் வசந்த விழாவும் மலர்க் காட்சியும் அம்மாதத்தில் அமைந்தமை பொருத்தமேயாம்.

ஆயினும் சித்திரைக்கும் ஒரு குறையுண்டு. காலை வெயிலில் நிலம் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாக இறங்கும். பாறைமேல் வெண்முகில் திரண்டு கருக்கத் தொடங்குவதே அதற்கு அறிகுறி. ஆதலின், காலையிலேயே தோட்டத்தினுட் புகுதல் நன்று.

தோட்டம் மலைச்சரிவில் அமைந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஐயாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. சமவெளியிலிருந்து அன்றே வந்தவருக்கு விரைந்தேறின் மூச்சு வாங்கும். முதியோர் கீழ்ப்பாத்திகளில் ரோசாக்களைக் கண்டு, இருக்கைகளில் இளைப்பாறிப் பின்னரே பன்னம் அடர்ந்த நிழற்பாதைக்கு ஏறுவர். ஏற இயலாதோர்க்கும் குறையில்லை. கீழ்ப்பாத்திகளினின்றே, ஒருகாலத்தில் காய்ச்சல் மருந்தை நாடியோர் நாற்று நட்ட அச்சரிவு கண்ணுக்குப் புலனாகும்.