எது முந்தியது? மலமிளக்கி வாங்குபவரிடம் மருந்தாளுநர் கேட்க வேண்டியவை

வாரந்தோறும் மலமிளக்கி வாங்குபவருக்கு விற்க மறுத்தால், அவர் அடுத்த மருந்துக்கடைக்குப் போய்விடுவார். நோய் இன்னதென்று தெரியாத நிலையில் மருந்தாளுநர் செய்யக்கூடிய பெரிய உதவி, வாங்குபவரின் தொந்தரவுகளைக் காலவரிசைப்படி கேட்டு எழுதித் தருவதே என்பது இக்கட்டுரையின் வாதம். விளக்கத்துக்காக அமைத்த ஓர் உரையாடலைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

52 வயதுப் பெண் ஒருவர் வாரம் ஓர் அட்டை, அதாவது 5 மில்லிகிராம் பிஸகோடில் மாத்திரை பத்து வாங்குகிறார். மருந்தாளுநரும் பெண்.

"மாத்திரை போடாத அன்னைக்கு என்ன ஆகும்க்கா?"

"ரெண்டு நாளானாலும் வராதும்மா. பயந்துபோய் மறுபடியும் போட்டுக்குவேன்."

இந்த அச்சத்துக்கு விளக்கம் உண்டு. பிஸகோடில் பெருங்குடலைத் தூண்டி, 6 முதல் 12 மணி நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாகக் காலிசெய்கிறது. குடல் மீண்டும் நிறைய ஓரிரு நாள் ஆகும். அந்த இயல்பான இடைவெளியை மலச்சிக்கல் என்று எண்ணி அவர் அடுத்த மாத்திரையைப் போடுகிறார். வாராந்தர வாங்கலுக்கு இது ஒரு காரணம். ஆனால் மலச்சிக்கல் தொடங்கியது ஏன் என்பதை இது சொல்வதில்லை.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ரத்தம் கம்மின்னு இரும்புச்சத்து மாத்திரை குடுத்திருக்காங்க."

இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். பலர் இங்கேயே விடை கிடைத்ததாக நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாத இடம் இதுதான்.

"மலச்சிக்கல் முந்தியா, சத்து மாத்திரை முந்தியா?"

"சிக்கல்தான் முந்தி, தீபாவளியிலேர்ந்தே இருக்கு. ரத்தம் கம்மின்னு பொங்கலுக்கு அப்புறந்தான் சொன்னாங்க. மாதவிலக்கு நின்னே மூணு வருஷமாச்சே!"

இந்தப் பதிலால் படம் மாறுகிறது. பின்னால் வந்த மாத்திரை முன்னால் வந்த சிக்கலுக்குக் காரணமாகாது. மாதவிலக்கு நின்றபின் இரும்புச்சத்துக் குறைந்தால், குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்த மலச்சிக்கலும் சேரும்போது பெருங்குடல் புற்றுநோயை நினைக்காமல் இருக்க முடியாது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்குவதால், குடலின் மேற்பகுதியில் கசியும் ரத்தம் தரும் கறுப்பும் கவனத்திலிருந்து தப்பிவிடலாம்.

காலவரிசை மட்டும் புற்றுநோயை நிறுவிவிடாது. தைராய்டு குறைபாடுகூட மலச்சிக்கலையும் ரத்தசோகையையும் சேர்த்தே தரும். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. ஆனால் அவரிடம் 'ரத்தம் கம்மி' என்று மட்டும் சொல்லி, தானே வாங்கிப் போட்ட மலமிளக்கியைச் சொல்லாமல் விட்டால் இரண்டையும் அவரால் இணைத்துப் பார்க்க முடியாது. எனவே 'தீபாவளி முதல் மலச்சிக்கல். வாரம் 10 பிஸகோடில். பொங்கலுக்குப் பின் ரத்தசோகை' என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் மாத்திரை போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவும் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டின் மருந்தியல் பணி ஒழுங்குமுறைகள் ஆலோசனை தருவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணியாகவே கொள்கின்றன. அந்த ஆலோசனை மருந்தின் அளவோடு நின்றுவிடாமல், எது முந்தியது என்ற கேள்வியையும் உள்ளடக்க வேண்டும்.