கோப்பில் ஒரு அட்டவணை, தரவுத்தளத்தில் ஒரு அட்டவணை

ஒரு கண் மருத்துவமனையின் முன்பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜாங்கோவில் எழுதியது. தினமும் காலை 9 மணிக்கு, மறுநாள் வரவேண்டிய நோயாளிகளுக்கு அது நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்புகிறது. அனுப்பியதும் அந்த முன்பதிவின் `reminded_at` என்ற கட்டத்தில் நேரத்தைக் குறித்துவிடும். குறித்த முன்பதிவுக்கு மறுபடி அனுப்பாது. இரண்டு முறை போகாமலிருக்க இந்தக் காவல் பெரும்பாலும் போதும், சர்வர் ஒன்று மட்டும் இருக்கும்வரை.

புது வசதி ஒன்றைச் சோதிக்க, திங்கட்கிழமை அதிகாலை 2 மணிக்கு எடுத்த தரவுத்தள நகலை ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றுகிறார்கள். எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சாவி உட்பட மென்பொருளின் எல்லா அமைப்பும் அசலில் இருந்தபடியே வந்துவிடுகிறது. இப்போது தரவுத்தளங்கள் இரண்டு. இங்கே குறித்தது அங்கே தெரியாது. நோயாளியின் தொலைபேசிக்கு அதே வாசகத்தில் இரண்டாவது செய்தி வருகிறது. இரண்டுக்கும் அனுப்புநர் தலைப்பு ஒன்று, பதிவு செய்த வார்ப்புரு ஒன்று. எது அசல், எது நகல் என்று பெறுபவரால் சொல்லவே முடியாது.

2021 ஜூன் 17 அன்று எச்பிஓ மேக்ஸ் தன் அஞ்சல் பட்டியலில் ஒரு பகுதியினருக்குத் தவறுதலாக அனுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு `Integration Test Email #1`. உள்ளே சோதனை வாசகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் அது சோதனை என்று எல்லோருக்கும் புரிந்தது. நகல் சர்வர் அனுப்பும் செய்தி அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் அது எங்கிருந்து கிளம்பியது என்று துப்புத் துலக்கவேண்டியிருக்கிறது. அந்தத் துப்பு பெரும்பாலும் ஒரே கேள்வியில் அடங்குகிறது: காலை 9 மணி என்ற அந்த அட்டவணை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

முதல் வகை, சர்வரின் கிரான் கோப்பு. `/etc/cron.d` அடைவில் இப்படி ஒரு வரி:

```
0 9 * * * app cd /srv/clinic && python manage.py send_reminders
```

இரண்டாவது வகை, செலரி பீட். `django_celery_beat` என்ற துணைநிரல் அட்டவணையைத் தரவுத்தளத்து டேபிளிலேயே வைக்கிறது. அலுவலகத்தில் இருப்பவர்கள் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து 9 மணியை 10 ஆக்கலாம், நிரலாளரைத் தேடவேண்டாம். பலர் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே காரணம், அது நியாயமான காரணமும்கூட.

நகலெடுக்கும்போது இவை இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால் கிரான் வரி அதனுடன் வராது. ஆனால் நிரலோடு சேர்த்து அதே கோப்பை எல்லாச் சர்வர்களிலும் நிறுவும் வழக்கம் இருந்தால், ஸ்டேஜிங்கை நிறுவும்போதே அட்டவணையும் வந்து உட்கார்ந்துவிடும். தரவு இல்லாத நாள்களில் அது தினமும் ஓடி, அனுப்ப யாரும் இல்லாமல் சத்தமின்றி முடிந்திருக்கும். நகலை ஏற்றிய அன்றுதான் அதற்கு ஆள்கள் கிடைக்கிறார்கள். பீட்டில் கதை தலைகீழ். அங்கே அட்டவணையும் நோயாளிகளின் எண்களும் ஒரே நகலில் சேர்ந்து வருகின்றன. சர்வரில் பீட் ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

நேரத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படும். மேகச் சேவைகளில் புதிதாக எழுப்பும் சர்வர் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் இருக்கும். அசல் சர்வரை யாரோ ஒருவர் என்றைக்கோ இந்திய நேரத்துக்கு மாற்றியிருப்பார், ஸ்டேஜிங்கை மாற்றியிருக்க மாட்டார். கிரான் சர்வரின் கடிகாரத்தை நம்புகிறது. எனவே ஸ்டேஜிங்கின் 9 மணி இங்கே பிற்பகல் 2.30. காலையில் ஒன்று, ஐந்தரை மணி நேரம் கழித்து இன்னொன்று என்று புகார் வந்தால் நான் முதலில் தேடுவது கிரான் கோப்பைத்தான். செலரி பீட் தன் டேபிளில் நேர மண்டலத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அது `Asia/Kolkata` என்று இருந்தால் நகலிலும் அப்படியே இருக்கும். இரண்டு செய்திகளும் சில விநாடி இடைவெளியில் வந்து விழும்.

முதல் நாளில் மட்டும் பீட் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம், பலரைக் குழப்புவது இதுதான். திங்கள் மாலை 4 மணிக்கு நகலை ஏற்றி முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரான் கடந்துபோன நேரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2.30 போய்விட்டது, அடுத்து செவ்வாய்தான். பீட்டோ ஒவ்வொரு பணியும் கடைசியாக ஓடிய நேரத்தை `last_run_at` என்ற கட்டத்தில் வைத்திருக்கிறது. நகல் அதிகாலை 2 மணிக்கு எடுத்தது, ஆகவே அதில் இருப்பது ஞாயிறு காலை 9 மணி. மாலை 4 மணிக்கு எழுந்த பீட் அதைப் பார்த்து, திங்களன்று ஓடவேண்டியது ஓடவில்லை என்று முடிவுகட்டி, அந்தக் கணமே பணியைக் கிளப்பிவிடக்கூடும். `beat_cron_starting_deadline` என்ற அமைப்பால் இதைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அதை யாராவது அமைத்தால்தான் உண்டு. விளைவு: அட்டவணையில் எங்குமே இல்லாத மாலை 4 மணிக்கு முதல் இரட்டைச் செய்தி. மறுநாள் முதல் சரியாக 9 மணிக்கு.

நகல் எடுத்த நேரத்தையும் கவனிக்கவேண்டும். அதிகாலைக்குப் பதில் காலை 11 மணிக்கு எடுத்திருந்தால் அன்றைய `reminded_at` எல்லாம் நிரம்பியிருக்கும், அன்று எதுவும் போகாது. ஏற்றியவர் எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விடுவார். புகார் மறுநாள் வரும், அப்போது முந்தைய நாள் வேலையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னது இரட்டிப்பு. எனக்கு அதைவிடக் கவலை தருவது அடுத்தடுத்த நாள்களில் நடப்பது, இது இரண்டு வகைக்கும் பொது. நகல் திங்கள் அதிகாலையிலேயே உறைந்துவிட்டது, அசல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புதன்கிழமை 10.30 மணிக்கு இருந்த நேரத்தை ஒருவர் திங்கள் நண்பகலில் வெள்ளிக்கு மாற்றிக்கொள்கிறார். செவ்வாயன்று அசல் சர்வர் அவருக்கு எதுவும் அனுப்பாது, அது சரி. ஸ்டேஜிங் அனுப்பும்: நாளை 10.30 மணிக்கு வாருங்கள். அவருக்கு வருவது ஒரே செய்திதான், அதுவும் பொய்யான செய்தி. இரண்டு முறை வந்தது என்று புகார் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. கண்ணில் மருந்து விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத் துணைக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை வந்து நிற்பார்.

இந்த விலகலே துப்பாகவும் உதவும். இரண்டு முறை செய்தி பெற்றவர்கள் எல்லோரும் நகல் எடுப்பதற்கு முன் பதிவு செய்தவர்கள், அதற்குப் பின் பதிவு செய்தவர்களுக்கு ஒன்றே வரும். இருமுறை பெற்றவர்களின் முன்பதிவுகளைப் பதிவான நேரப்படி வரிசைப்படுத்தினால் ஓரிடத்தில் கோடு போட்டாற்போல் நின்றுவிடும். நகல் எடுத்த நேரம் அதுதான்.

எல்லா இரட்டிப்பும் நகலால் வருவதல்ல. செலரி வரிசைக்கு ரெடிஸைப் பயன்படுத்தும்போது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒப்புகை இல்லாமல் கிடக்கும் பணி இன்னொரு தொழிலியிடம் மறுபடி ஒப்படைக்கப்படலாம். அதிலும் செய்தி இருமுறை போகலாம். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. நம் பதிவுகளில் இருக்கும் அனுப்புதல்களையும் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பட்டியலில் இருப்பவற்றையும் எண்ணிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் இருமுறை என்றால் கோளாறு நம் வரிசையில். நம்மிடம் 300, அவர்களிடம் 600 நெருங்குகிறது என்றால், நம் சாவியை வைத்துக்கொண்டு வேறொரு சர்வர் பேசுகிறது.

தடுப்பதிலும் இரண்டு வகையும் வேறு வேறு இடத்தில் பூட்டைக் கேட்கின்றன. கிரானுக்கு நிறுவும் இடத்தில்: ஸ்டேஜிங்கில் அந்தக் கோப்பே போகக்கூடாது. பீட்டுக்கு நகலை ஏற்றும் இடத்தில்:

```sql
UPDATE django_celery_beat_periodictask SET enabled = false;
```

இந்த வரியை பீட் எழும் முன்பே ஓட்டவேண்டும். டேபிளில் மாற்றம் நடந்ததா என்று அறிய பீட் தனியாக ஒரு நேரக்குறியைப் பார்க்கிறது. நிர்வாகப் பக்கம் வழியே மாற்றினால் அந்தக் குறி புதுப்பிக்கப்படும், நேரடி எஸ்க்யூஎல் அதைத் தொடாது. ஓடிக்கொண்டிருக்கும் பீட் பழைய அட்டவணையோடே போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே இந்த வரி யாராவது ஞாபகம் வைத்துச் செய்யும் வேலையாக இருக்கக்கூடாது, நகலை ஏற்றும் கட்டளைக்குள்ளேயே இருக்கவேண்டும். ஓடூ மென்பொருள் இதைத்தான் `odoo-bin neutralize` என்ற கட்டளையாகவே தருகிறது. நகலில் உள்ள நேரப்பணிகளையும் வெளியே போகும் அஞ்சல் சர்வர்களையும் அது அணைத்துவிடுகிறது. ஓடூ அஞ்சல் சர்வரின் கடவுச்சொல்லையும் தரவுத்தளத்திலேயே வைக்கக்கூடியது, அதனால் அதற்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

அட்டவணையை அணைப்பதோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்பதில்லை. ஸ்டேஜிங்கின் நோக்கமே சோதிப்பது, என்றாவது ஒரு நாள் நினைவூட்டலையே சோதிக்க யாராவது அட்டவணையை இயக்கத்தான் போகிறார்கள். அன்று காப்பாற்றுவது வாசலில் இருக்கும் பூட்டுதான். மின்னஞ்சலை மெயில்பிட் போன்ற உள்சர்வருக்குத் திருப்பிவிடலாம். எஸ்எம்எஸ் வேறு வழியாகப் போகிறது, மின்னஞ்சலை அடைத்தால் அது அடைபடாது. அதற்கு அசல் சாவி ஸ்டேஜிங்கில் இல்லாமலிருப்பதே உறுதியான வழி. எண்களை மாற்றி வைப்பவர்கள் கற்பனை எண்களை இடவேண்டாம், அவை யாரோ ஒருவரின் எண்களாக இருக்கலாம். வெறுமையாக விடுங்கள். மின்னஞ்சலுக்கு `example.com` என்று முடியும் முகவரிகள் உண்டு, அது எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கிய பெயர்.

நடந்துவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்துவதிலும் வேறுபாடு இருக்கிறது. கிரான் கோப்பை நீக்கினால் அடுத்த முறை ஓடாது, ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை மட்டும் தனியாகக் கொல்லவேண்டும். பீட்டை நிறுத்தினால் போதாது. அது ஏற்கெனவே வரிசையில் போட்ட பணிகளைத் தொழிலிகள் அனுப்பிக்கொண்டே இருக்கும், அவற்றையும் நிறுத்தி வரிசையையும் காலிசெய்யவேண்டும். பதற்றத்தில் பலர் ஸ்டேஜிங் தரவுத்தளத்தையே அழித்துவிடுகிறார்கள். அதைச் செய்யக்கூடாது. யாருக்கு எந்த நேரத்தைச் சொல்லி அனுப்பியது என்ற விவரம் முன்பதிவு வாரியாக இருப்பது அதில்தான். அங்கே நகல் எடுத்த பிறகு `reminded_at` நிரம்பிய முன்பதிவுகளை எடுத்து, அசலில் அதே முன்பதிவு இன்னும் அதே நேரத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடவேண்டும். ஒத்துப்போகிறவர்களுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லை, மூன்றாவதாக ஒரு செய்தி இன்னும் குழப்பும். ஒத்துப்போகாதவர்களின் பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். அவர்களை வரவேற்பு மேசையில் இருப்பவர் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்துச் சரியான நேரத்தைச் சொல்லவேண்டும்.